மீதி வைக்க அனுமதி

பெங்களூர் காக்ஸ் டவுனில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் நாலு மாத காலம் எந்தக் கணக்கிலும் மீதி வரக்கூடாது என்று இருந்தது. இதை இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்துமூன்று வயது. பி.எஸ்ஸி., பி.டி. முடித்துவிட்டுத் தற்காலிக வேலையில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்பது அந்த வருஷத்து இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டைப் பொறுத்தது.

தமிழ் மீடியம் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் கணக்கை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் முப்பத்தொரு பெண்கள். மீதித் தேற்றத்துக்குப் பாடப் புத்தகத்தில் நாலே நாலு கணக்குதான் இருந்தது. நாலு கணக்கில் யாருக்குக் கை பழகும்? நானே இருபது கணக்குகள் எழுதி, ஆபீஸ் டைப்பிஸ்டிடம் கொடுத்து ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் பிரதிகள் எடுத்து, இரண்டு பேருக்கு ஒரு தாள் வீதம் கொடுத்தேன். டைப்பிஸ்ட் ஐம்பது வயது மனிதர், பொறுமைசாலி. எங்கள் டைப்ரைட்டரில் அடுக்குக் குறி கிடையாது. ஒவ்வொரு x-க்கும் மேலே சின்னதாக 3 போட அவர் உருளையை அரை வரி கீழே திருப்பி, அடித்து, மறுபடி மேலே திருப்ப வேண்டும். இருபது கணக்கு முடிக்க அவருக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

தாளின் தலைப்பில் இரண்டு வரி போட்டிருந்தேன். நீள் வகுத்தலால் ஈவும் மீதியும் காண்க. வகுத்தியைப் பூச்சியமாக்கும் மதிப்பைப் பிரதியிட்டு மீதியைச் சரிபார்க்க.

இந்த இரண்டாவது வரிக்காகத்தான் நான் அந்தத் தாளையே போட்டேன் என்று சொல்ல வேண்டும். முதல் கணக்கு x³ − 2x² − 5x + 9 என்பதை x − 3 ஆல் வகுப்பது. படிப்படியாக வகுத்துக்கொண்டு இறங்கினால் ஈவு x² + x − 2, மீதி 3. அதன்பின், வகுத்ததை மறந்துவிட்டு, முதல் கோவையில் x இருக்கும் இடத்தில் எல்லாம் 3 போட்டுப் பார்க்க வேண்டும். 27 − 18 − 15 + 9. அதுவும் 3. வகுத்தல் பாட்டுக்கு ஒரு பக்கம் போகிறது, பிரதியிடுவது இன்னொரு பக்கம் போகிறது, இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. "சரியா மிஸ்?" என்று என்னிடம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. அந்தப் பெண்கள் அதுவரை எதற்கும் யாரையாவது கேட்டுத்தான் பழகியிருந்தார்கள். பத்து நாளில் என் மேஜைக்கு முன்னால் நிற்கும் வரிசை காணாமல் போயிற்று. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் கன்னட இலக்கணம் படித்தவர் என்று கேள்வி. கெட்ட மனிதர் இல்லை. முன்வரிசைப் பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு வகுத்தலின் அடியிலும் விரலை வைத்து நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "சேஷ யாகெ உளிதிதெ?" என்று கேட்டார்.

மீதி ஏன் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். அப்பா மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர், எனக்குக் கன்னடம் தமிழ் மாதிரியே வரும். மீதி வரும்படியான கணக்குகள்தான் இவை என்று கன்னடத்திலேயே விளக்கினேன். அவர் தலையாட்டினார். இருபது கணக்கில் பதினேழில் மீதி இருப்பதை எண்ணி, கையிலிருந்த காகிதத்தில் குறித்துக்கொண்டார். குழந்தைகளுக்குக் கொடுக்கிற கணக்கு முடிவான கணக்காக இருக்க வேண்டாமா என்று மட்டும் கேட்டுவிட்டு, தையல் வகுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் சரித்திரம் படித்தவர். அதே காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை தவிர வேறு எதிலும் நான் அவரைப் பார்த்ததில்லை. இலாகாவிலிருந்து வந்த எந்தக் காகிதத்துக்கும் மூன்று நாளுக்குள் பதில் போய்விட வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

ஆங்கிலத்தில் இருந்த ஏழாவது பாராவை எனக்குப் படித்துக் காட்டினார். எஸ்.எஸ்.எல்.சி. தமிழ் மீடியம் மாணவிகளின் கணித நோட்டுகளில் பெரும்பாலான வகுத்தல்களில் மீதி காணப்படுகிறது, தலைமையாசிரியை நேரில் கவனித்து இதை நிவர்த்தி செய்து அறிக்கை அனுப்ப வேண்டும்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஒரு காகிதம் எடுத்து முதல் கணக்கைப் போட்டுக் காட்டினேன். 3 போட்டால் 3 வருவதையும் காட்டினேன். அவர் கடைசி வரி வரைக்கும் கவனமாகப் பார்த்தார்.

"நீ சொல்றது சரியாவே இருக்கட்டும்மா," என்றார். "ஏழாவது பாராவுக்கு நான் என்னான்னு பதில் எழுதறது?"

உள்ளதை எழுதலாம் என்றேன். எழுதினோம். மீதித் தேற்றம் என்றால் என்ன, அதில் மீதி ஏன் வேண்டும் என்று இரண்டு பக்கம். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் நல்ல ஆங்கிலத்தில் எழுதினார். பதினைந்து நாளில் அது திரும்பி வந்தது. விளக்கம் கேட்கப்படவில்லை, நிவர்த்தி செய்த விவரத்தை மட்டும் தெரிவிக்கவும் என்று ஓரத்தில் சிவப்பு மசியில் எழுதியிருந்தது.

இதற்கு மேல் அவரிடம் வாதாட எனக்குத் தைரியம் வரவில்லை. என் வேலையும் அந்த ரிப்போர்ட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நிவர்த்தி செய்வது மிகச் சுலபமாக இருந்தது. எந்தக் கோவையாக இருந்தாலும், அதன் கடைசியில் நிற்கும் எண்ணிலிருந்து மீதியைக் கழித்துவிட்டால் போதும். முதல் கணக்கில் 9-ஐ எடுத்துவிட்டு 6 போட்டேன். ஈவு அப்படியே இருக்கும், மீதி மட்டும் பூச்சியமாகிவிடும். இன்னொன்றில் 2x³ + 3x² − 4x + 1 என்பதை x + 2 ஆல் வகுத்தால் மீதி 5. கடைசி 1-ஐ −4 ஆக்கினேன், அதுவும் தீர்ந்தது. பதினேழு கணக்கையும் கால் மணி நேரத்தில் இப்படிச் சுத்தம் செய்தேன். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் டைப்பிஸ்டிடம் கொடுத்தேன். மறுபடி ஸ்டென்சில் என்றதும் அவர் உருளையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

இலாகாவுக்குப் போன அறிக்கை ஒரே வரி. மீதிகள் அனைத்தும் நீக்கப்பட்டன.

புதுத் தாளைக் கொடுத்த அன்றைக்கு முதல் மூன்று கணக்கைப் பெண்கள் ஒழுங்காகப் போட்டார்கள். நாலாவதில் வகுப்பில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஐந்தாவதிலிருந்து கையெழுத்தே மாறிவிட்டது. அவ்வளவு வேகம். மறுநாள் வரிசைகளுக்கு நடுவே நடந்தபோதுதான் காரணம் புரிந்தது. அவர்கள் பக்கத்தின் அடியில் முதலில் பூச்சியத்தைப் போட்டுவிட்டு, அங்கிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரியில் −2x + 6 வர வேண்டுமென்றால் அதற்கு மேல் வரி என்னவாக இருக்க வேண்டும் என்று யோசித்து எழுதினார்கள். நடுவில் எங்காவது இடித்தால் ஒரு கூட்டல் குறியைக் கழித்தல் ஆக்கிவிடுவார்கள். சரிபார்க்கும் பகுதி இன்னும் மோசம். 27 − 18 − 15 + 6 என்று எழுதுவதுகூட இல்லை. f(3) = 0, ஆகவே சரி, என்று முடித்துவிட்டார்கள்.

நான் திட்டினேன். கேட்டுக்கொண்டார்கள். ஆனால் விடை பூச்சியம் என்று தெரிந்த பிறகு எந்தப் பெண் மெனக்கெட்டு 3-ஐக் கனம் பண்ணுவாள்? அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. திருத்துகிற நானும் அப்படித்தான் ஆகியிருந்தேன். அடியில் பூச்சியம் இருக்கிறதா என்று பார்ப்பேன், டிக் போடுவேன், பக்கத்தைத் திருப்புவேன். முப்பத்தொரு நோட்டுகளை நாற்பது நிமிஷத்தில் முடிக்க ஆரம்பித்தேன்.

ஜனவரியில் ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் திருத்திக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்றாவது நோட்டு விவேக் நகரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணுடையது. வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். அடித்துத் திருத்தாத நோட்டு அவளுடையது ஒன்றுதான். அதில் பதினோராவது கணக்கின் அடியில் மட்டும் காகிதம் மெலிந்து, ரப்பரால் தேய்த்துத் தேய்த்துப் பஞ்சாகியிருந்தது. மேலே பூச்சியம் எழுதியிருந்தாள். விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பூச்சியத்துக்குப் பின்னால் ஏதோ எண் தெரிந்தது. −24.

அச்சடித்த தாளை எடுத்துப் பார்த்தேன். x³ − 6x² + 11x − 6 என்பதை x + 1 ஆல் வகுக்கச் சொல்லியிருந்தது. நான் எழுதியது x − 1. 1 போட்டால் 1 − 6 + 11 − 6, பூச்சியம். ஆனால் தாளில் இருப்பதற்கு −1 அல்லவா போட வேண்டும்? −1 − 6 − 11 − 6. அந்தப் பெண் போட்டதுதான் சரி. தவறாக அச்சான ஒரு கணக்கை அவள் சரியாகப் போட்டு, விடை பூச்சியமாக வராததால் தன் மேல்தான் தப்பு என்று நினைத்து, காகிதம் பஞ்சாகும் வரை அழித்திருக்கிறாள். திருத்தாத நோட்டுகளையும் புரட்டிப் பார்த்தேன், மற்ற முப்பது பேருக்கும் பூச்சியம் வந்துவிட்டது. பலர் f(−1) = 0 என்று சரிபார்த்தும் இருந்தார்கள். இருபத்திரண்டு நோட்டுகளில் அந்தப் பூச்சியத்துக்கு நான் டிக் போட்டிருந்தேன்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அம்மா வந்து தலைவலியா என்று கேட்டாள்.

மறுநாள் சீக்கிரமே பள்ளிக்குப் போய் டைப்பிஸ்டைப் பிடித்தேன். அவர் என் கையெழுத்துத் தாளை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். பதினோராவது கணக்கின் கழித்தல் குறியின் மேலேயே நான் தாளை மடித்த மடிப்பு நெட்டுக்குத்தாக விழுந்திருந்தது. பார்ப்பதற்குச் சுத்தமான கூட்டல் குறி.

"நான் மைனஸ்ஸை பிளஸ்ஸா அடிப்பேனா டீச்சரம்மா," என்றார். "என் மெஷின் வேணா மக்கர் பண்ணும், நான் பண்ணமாட்டேன்."

முதல் பீரியடில் வகுப்பில் சொல்லித் திருத்திவிடலாம் என்று படியேறினேன். வகுப்பறையில் ஹெட்மிஸ்ட்ரஸும் இன்ஸ்பெக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். நிவர்த்தியைச் சரிபார்க்க அவர் அறிவிக்காமலே வந்திருந்தார்.

என் கையிலிருந்த நோட்டுக் கட்டை வாங்கி மேஜையில் பரப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று புரட்டினார். முகம் சுருங்கியது. எல்லாப் பெண்களுக்கும் எல்லாக் கணக்குக்கும் ஒரே விடை வருகிறதே, இது காப்பி இல்லாமல் வேறு என்ன என்று கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கன்னடம் அரைகுறை. காப்பி என்ற வார்த்தை மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் தாளின் மேல் கண்ணை ஓட்டிவிட்டு விரலை ஒரு கணக்கில் வைத்தார். பதினொன்று. யாராவது ஒரு பெண் வந்து கரும்பலகையில் போடட்டும் என்றார். நான் விவேக் நகர்ப் பெண்ணைப் பார்த்தேன். வேறு யாரையும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அவள் வந்தாள். சாக்பீஸை எடுத்து என்னைப் பார்த்தாள். தாளில் இருக்கிறபடியே போடு, என்ன வருதோ அதை எழுது, என்றேன். x² முதலில், பிறகு −7x, பிறகு 18. ஒவ்வொரு படியிலும் குறியை மாற்றிக் கழித்துக்கொண்டு இறங்கினாள். அடியில் −24 என்று எழுதிவிட்டு ஒரு வினாடி தயங்கினாள். கை தானாக டஸ்டர் பக்கம் போயிற்று. சரிபார், என்றேன். பக்கத்தில் −1 − 6 − 11 − 6 என்று எழுதிக் கூட்டினாள். −24. டஸ்டரை விட்டுவிட்டாள்.

"மீதி வந்துடுச்சே," என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ், மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி.

இன்ஸ்பெக்டருக்கோ மிகுந்த திருப்தி. "ஒள்ளே ஹுடுகி," என்றார். நல்ல பெண்ணாம். பிறகு அவர் இலக்கணம் படித்தவர் என்பதைக் காட்டினார். மேஜையில் திறந்திருந்த நோட்டில் அதே பதினோராவது கணக்கைத் தேடி எடுத்து, அதிலிருந்த பூச்சியத்தையும் என் சிவப்பு டிக்கையும் பார்த்துவிட்டு, பலகையைப் பார்த்தார். எது சரி என்று கேட்டார்.

பலகையில் இருப்பது சரி என்றேன்.

அப்படியென்றால் இதற்கு ஏன் டிக் என்றார்.

 மடிப்பு, டைப்பிஸ்ட், என் அவசரம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"ஏழாவது பாரா, சார்," என்றேன்.

அவருக்கு அது ஞாபகமே இல்லை. நிஜமாகவே இல்லை. எந்த ஏழாவது பாரா என்று ஹெட்மிஸ்ட்ரஸைக் கேட்டார். அவர் ஃபைலைக் கொண்டுவரச் செய்து, பாராவை விரலால் காட்டினார். சிவப்பு மசிக் குறிப்பையும் காட்டினார். இன்ஸ்பெக்டர் தான் எழுதியதை இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீதியை எல்லாம் எடுத்துவிட்டால் மீதித் தேற்றத்தை எப்படி நடத்துவீர்கள் என்று என்னையே கேட்டார்.  முப்பத்தொரு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள், சில தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

அந்தத் தடவை வந்த ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் இருந்தது. ஒரு மாணவி மட்டும் சுயமாகக் கணக்குப் போடுகிறாள். மற்றவர்கள் விஷயத்தில் ஆசிரியை கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். மூன்றாவதாக, தேவைப்படும் இடங்களில், தலைமையாசிரியையின் அனுமதியுடன், மீதி வரலாம்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அனுமதி என்று எழுதியிருந்தால் அனுமதி கொடுக்க வேண்டும், கொடுத்ததற்குப் பதிவு இருக்க வேண்டும். ஒரு நீள நோட்டை எடுத்து ஸ்கேல் வைத்து நாலு பத்தி கோடு போட்டார். கணக்கு, கேட்கப்படும் மீதி, காரணம், கையெழுத்து. எந்தத் தாள் ஸ்டென்சிலுக்குப் போவதற்கு முன்னாலும் இதில் ஏற வேண்டும் என்றார்.

"இனிமே யாராச்சும் வந்து ஏன் மிஞ்சிச்சுன்னு கேட்டா, நான் காட்டணும் இல்ல?"

காரணம் என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் உள்ள காரணத்தையே எழுதினேன். முதல் கணக்கு, மீதி 3, காரணம்: x = 3 எனில் 27 − 18 − 15 + 9 = 3. அதைவிட நேர்மையான காரணம் உலகத்தில் ஒரு அனுமதி நோட்டில் ஏறியிருக்காது. அவர் படித்தார். 27 − 18 ஒன்பது, ஒன்பதிலிருந்து பதினைந்து, என்று உதட்டைச் சுழித்துக்கொண்டு கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அப்படி இரண்டு தாள் போயிற்று. பெண்கள் மறுபடி மேலிருந்து கீழே வகுக்க ஆரம்பித்தார்கள். அடியில் என்ன வரும் என்று தெரியாததால் வேறு வழியும் இல்லை. விவேக் நகர்ப் பெண்ணிடம் நான் அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, பூச்சியத்தை அடித்துவிட்டு −24 என்று எழுதி, உன் விடைதான் சரி, அழித்திருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அவள் படித்துவிட்டு, மெலிந்துபோன அந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு காகிதத் துண்டை ஒட்டிக்கொண்டு வந்தாள். 

மூன்றாவது தாளில் பதினேழாவது கணக்கு 3x³ − x² + 2x − 1, வகுத்தி x + 1. கேட்கப்படும் மீதி −5 என்று எழுதி, நோட்டை ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு அனுப்பியிருந்தேன். மத்தியானம் ஆயா வந்து அம்மா கூப்பிடறாங்க என்றாள்.

உள்ளே போனபோது அவர் மேஜையில் நாலைந்து கசக்கிய காகிதங்கள் கிடந்தன. பதினேழுக்கு மட்டும் கையெழுத்து இல்லை.

"இதுக்கு அனுமதி கொடுக்க முடியாதும்மா," என்றார். "நீ மைனஸ் அஞ்சுதான் கேட்டிருக்கே. எனக்கு மைனஸ் ஏழு வருது."

நான் வாங்கிப் பார்த்தேன். −3, பிறகு +1, பிறகு −2, −1. மொத்தம் −5. சரியாகத்தானே இருக்கிறது என்று காட்டினேன்.

அவர் பென்சிலை எடுத்து இரண்டாவது இடத்தில் வைத்தார். "ஸ்கொயர் பண்ணா ஒண்ணு. அதுக்கு முன்னாடி ஒரு மைனஸ் தனியா நிக்குது இல்ல? அது எங்க போச்சு?"

போன இடம் தெரியவில்லை. வகுப்பில் பெண்களுக்கு நூறு தடவை சொன்ன விஷயம் அது. −x² என்பதில் x-ஐ மட்டும்தான் வர்க்கம் பண்ண வேண்டும், முன்னால் நிற்கும் கழித்தல் குறி தனி. −3 − 1 − 2 − 1. நான் அவசரமாக வகுத்தும் பார்த்தேன். ஈவு 3x² − 4x + 6, மீதி −7.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டாவது வழியாகப் போனாலும் அதே வருகிறதா என்று என் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என் வகுத்தலின் ஒவ்வொரு படியாகப் பென்சிலால் தொட்டுக்கொண்டே இறங்கினார். அடியில் −7 இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அந்தப் பள்ளியில் இருந்த காலத்தில் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

−5-ஐ அடித்துவிட்டு −7 என்று எழுதினேன். அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நோட்டை மூடாமல், அடுத்த தாளையும் எழுதியாகிவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். எழுதும்போது மீதிப் பத்தியைக் காலியாக விட்டு அனுப்பச் சொன்னார்.